36 ரன்னுக்கு அந்தி நேரத்தையா குறை சொல்வது? பிங்க் பந்து பற்றி ஒரு சந்தேகம்

தாம்பரம் சேகர்
மக்களே, ஆபீஸ் கேண்டீனில் ஒரு வாக்குவாதம், இங்கே கொண்டுவருகிறேன். 2020 டிசம்பர் அடிலெய்டு டெஸ்ட், நம்மவர்கள் 36 ரன்னில் சுருண்ட ஆட்டம். என் பக்கத்து சீட்காரர், "அது பகலிரவு டெஸ்ட். விளக்கு போட்டதும் பிங்க் பந்து கண்ணுக்கும் தெரியாது, கன்னாபின்னாவென்று ஸ்விங்கும் ஆகும். எவன் நின்றாலும் அவுட்தான்" என்று ஒரே போடாகப் போட்டார். ஆனால் அது சனிக்கிழமை காலை. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பார்த்த கண்றாவி அது. நமக்குக் காலை என்றால் அங்கே மதியம்தானே? வெயில் அடிக்கும்போது எந்த விளக்கைக் குறை சொல்வது? பிங்க் பந்தில் உண்மையில் என்னதான் மாறுகிறது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்
சிம்பிள் பாஸ். ராத்திரி ஆனா காத்துல ஈரப்பதம் ஏறும், காத்து கனமாகும், பந்து ஸ்விங் ஆகும். பனி இறங்கினா இன்னும் மோசம், பௌலருக்குக் கொண்டாட்டம். பிங்க் பந்துல பூச்சு வேற அதிகம், அதனால பளபளப்பு சீக்கிரம் போகாது. அவ்ளோதான் மேட்டர். 36 மதியம் நடந்துச்சுன்னா அது நம்மாளுங்க பேட்டிங் லட்சணம், பந்து மேல பழி போடாதீங்க.

அடிலெய்டுவாசி
அன்றைக்கு நான் மைதானத்தில்தான் இருந்தேன், பழைய ஸ்கோர்போர்டுக்குக் கீழே உள்ள புல்மேட்டில். சேகர் சொல்வது சரி. டிசம்பரில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிவிடும். 36 முடிந்து, ஆஸ்திரேலியா 90 ரன் இலக்கைத் துரத்தி முடித்தபோதும் நல்ல வெயில். தொப்பி இல்லாமல் உட்கார முடியவில்லை. விளக்குக்கும் அந்தச் சரிவுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தி நேரத்தின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் முதல் நாளைப் பாருங்கள். கோலி 74 அடித்து ரன் அவுட் ஆகும்போது 188-க்கு 4. சற்று நேரத்தில் இரண்டாவது புதுப் பந்து எடுத்தார்கள். ரஹானே, விஹாரி இருவருமே எல்பிடபிள்யூ, 206-க்கு 6. வானம் கருநீலமாகி, ஒரு பக்கம் இன்னும் லேசான வெளிச்சம் மிச்சமிருக்கும் நேரம் அது. புல்மேட்டில் இருந்த எங்களுக்கே பந்து அரை நொடி தாமதமாகத்தான் கண்ணில் பட்டது.

மட்டைக்காரன்
அப்போ ஒருநாள் போட்டியில் வெள்ளைப் பந்து ராத்திரி நன்றாகத்தானே தெரிகிறது? இரண்டு முனையிலும் ஒவ்வொரு புதுப் பந்து, 50 ஓவரும் பளிச்சென்று இருக்கிறது. அதையே டெஸ்ட்டிலும் கொடுத்துவிட்டால் இந்தப் பிங்க் தலைவலியே இருக்காதே. ஐ.சி.சி. ஏன் யோசிக்கவில்லை?

புதுப்பந்து
மட்டைக்காரன், வெள்ளைப் பந்து பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் கலர் சட்டையும் கறுப்பு சைட் ஸ்க்ரீனும்தான். டெஸ்ட்டில் எல்லோரும் வெள்ளை உடை. பௌலர் கை வெள்ளை, பந்தும் வெள்ளை என்றால் பேட்ஸ்மேன் எதைப் பார்ப்பான்? அதோடு வெள்ளைப் பந்து சீக்கிரம் அழுக்கேறிவிடும். அது 50 ஓவரே தாங்காது என்பதால்தான் 2011-லிருந்து ஒருநாள் போட்டிக்கு இரண்டு பந்து வந்தது. பந்து பழசாகாததால் ரிவர்ஸ் ஸ்விங்கே போய்விட்டது என்று பௌலர்கள் புலம்பியதால், 2025 ஜூலையிலிருந்து 34 ஓவர் வரைதான் இரண்டு பந்து, அதற்குப் பிறகு ஒன்று மட்டும் என்று மாற்றினார்கள். டெஸ்ட்டில் பந்து பழசாவதே ஆட்டத்தின் பாதி. அங்கே போய் இரண்டு பந்து கொடுக்க முடியாது.

சேகர் கேள்விக்கு வருகிறேன். நான் லீக் ஆட்டங்களில் பல வருஷம் புதுப் பந்து போட்டவன், இப்போது அம்பயர் வேலை. பிங்க் எஸ்.ஜி. பந்தை நெட்ஸில் உருட்டிப் பார்த்திருக்கிறேன். சிவப்புப் பந்தில் தோலுக்குள்ளேயே சாயம் ஊறியிருக்கும், மேலே கிரீஸ் ஏற்றியிருப்பார்கள். பேன்ட்டில் தேய்க்கத் தேய்க்க அந்த எண்ணெய் மேலே வந்து ஒரு பக்கம் மினுங்கும். 40 ஓவர் ஆனாலும் அந்தப் பக்கத்தை உயிரோடு வைத்திருக்கலாம். பிங்க்கில் அப்படி இல்லை. நிறம் மங்கக் கூடாதென்று மேலே கூடுதலாக ஒரு லாக்கர் பூச்சு கொடுக்கிறார்கள். கையில் எடுத்தால் தோல் மாதிரியே இருக்காது, விரல் வழுக்கும், நகத்தால் கீறினால் நகம் சறுக்கும். அந்தப் பூச்சு இருக்கிறவரை பளபளப்பு நாம் தேய்க்காமலே இருக்கும். அது உரிந்துபோனால் எவ்வளவு தேய்த்தாலும் திரும்பாது. அதனால்தான் பிங்க் பந்தில் ரிவர்ஸ் ஸ்விங் அபூர்வம்.

இதை வைத்து அடிலெய்டைப் பாருங்கள். இரண்டாம் நாள் இரவு ஆறு ஓவர் ஆடி, 9-க்கு 1. பிரித்வி ஷா போல்டு, பும்ரா நைட்வாட்ச்மேன். மறுநாள் மதியம் ஆட்டம் தொடங்கும்போது பந்துக்கு வயது ஆறே ஓவர். லாக்கர் அப்படியே இருக்கிறது, பந்து கல்லாக இருக்கிறது, தையல் எழும்பி நிற்கிறது. மேலே நல்ல வெயில், கீழே புல். பௌலருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆட்டம் அப்படி நிறுத்தி வைக்கப்பட்டதில் நமக்கு நஷ்டம், அவர்களுக்கு லாபம்.

விக்கெட்டுகள் விழுந்த விதத்தையும் கவனியுங்கள். 15 ரன்னில் நான்கு விக்கெட். மொத்தத்தில் டிம் பெய்ன் கையில் மட்டும் ஐந்து கேட்ச். பெரிய வளைவு எதுவும் இல்லை. ஹேசில்வுட் குட் லெங்த்துக்குக் கொஞ்சம் முன்னால் குத்துகிறார், பந்து அரை மட்டை அகலம் நகர்கிறது, விளிம்பில் படுகிறது. ஐந்து ஓவர், 8 ரன், ஐந்து விக்கெட். காற்றில் ஸ்விங் ஆகியிருந்தால் இன்னும் அதிகமாக நகர்ந்து மட்டையைத் தாண்டியே போயிருக்கும். அதாவது அது சீம் செய்த வேலை, ஸ்விங் செய்ததல்ல.

கடைசி பெஞ்ச்
சரிண்ணே, அப்போ ஈரப்பதம்?

புதுப்பந்து
தம்பி, ஈரமான காற்று கனமானது என்பது எல்லோரும் நம்புவது, ஆனால் உண்மை நேர் எதிர். நீராவி கலந்த காற்று வறண்ட காற்றைவிட லேசானது. குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்திதான், ஆனால் அதனால் வரும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. பனி பற்றிச் சொன்னதோ தலைகீழ். பனி இறங்கினால் பந்து நனைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். பளபளப்பு போகும், தையல் ஊறிக் கெடும், ஸ்பின்னர் விரலில் பிடிப்பு நிற்காது. 2019 நவம்பரில் கொல்கத்தாவில் இந்தியாவின் முதல் பகலிரவு டெஸ்ட்டை மதியம் ஒரு மணிக்கே தொடங்கியதற்குக் காரணமே பனிதான்.

பூச்சு பற்றி நீ சொன்னது மட்டும் சரி.

கடைசி பெஞ்ச்
ஒத்துக்க மாட்டேன். 2017 அடிலெய்டு ஆஷஸ்ல மூணாம் நாள் ராத்திரி ஆஸ்திரேலியா 53-க்கு 4. ஆண்டர்சன் அந்த இன்னிங்ஸ்ல 5 விக்கெட் 43 ரன். அதே ஆண்டர்சன் முதல் நாள் அப்படி ஒண்ணும் கிழிக்கலையே! விளக்கு வந்ததும் பந்து பேச ஆரம்பிச்சுது. விஞ்ஞானம் ஆயிரம் சொல்லட்டும், கண்ணால பார்த்ததை எப்படி இல்லைனு சொல்றது?

புதுப்பந்து
நீ பார்த்ததை நான் மறுக்கவில்லை. காரணம் காற்றுதான் என்பதை மறுக்கிறேன். அன்றைக்கும் கையில் இருந்தது புதுப் பந்து, முதல் நாளைவிட நல்ல லெங்த்தில் போட்டார்கள், அதோடு பேட்ஸ்மேனுக்கு வெளிச்சம் மாறுகிறது. இந்த மூன்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைக் காற்றின் கணக்கில் எழுதினால் ஒத்துக்கொள்கிறேன். யாராலும் அதை அப்படித் தனியாகக் கழித்துக் காட்ட முடியவில்லை.

நிறக்குழப்பன்
பார்வை பற்றி என் அனுபவம். எனக்குச் சிவப்பு–பச்சை நிறக்குருடு. சனி, ஞாயிறுகளில் கிளப் ஆட்டம் ஆடுவேன். சிவப்புப் பந்து பச்சைப் புல்லில் உருளும்போது எனக்கு நிறத்தால் தெரியாது, அசைவை வைத்துத்தான் பிடிப்பேன். பிங்க் வந்தால் பிரச்சினை தீரும் என்று நினைத்தேன். ஒருமுறை விளக்கில் ஆடினோம். பாயின்டில் நின்றேன். நேராக என் மேல் வரும் பந்து ஓகே. ஆனால் உயரத்தில் அடித்த பந்து அரைகுறை இருட்டு வானத்தில் எங்கே போனது என்று எனக்கு மட்டும் தெரியவில்லை, மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். முன்னாள் ஆஸ்திரேலிய கீப்பர் மேத்யூ வேடுக்கும் நிறக்குருடு உண்டு, பிங்க் பந்தைப் பார்க்கக் கஷ்டம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு சந்தேகம். நிறம் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் அந்த நேரத்தில் அப்படித்தானா?

அடிலெய்டுவாசி
அந்த நேரத்தில் மட்டும் ஓரளவு அப்படித்தான். வேகமாக வரும் பொருளைக் கண் பிடிப்பது நிறத்தை வைத்து அல்ல, பின்னணியைவிட அது எவ்வளவு வெளுப்பு அல்லது கறுப்பு என்பதை வைத்துத்தான். பகலில் பிரகாசமான பின்னணியில் பந்து கருமையாகத் தெரியும், முழு இருட்டில் விளக்குப் பட்டு வெளுப்பாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இருபது, முப்பது நிமிஷம் பந்தும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. பேட்ஸ்மேன்கள் முனகுவது அந்த நேரத்துக்குத்தான். முழு இருட்டாகிவிட்டால் நிலைமை பரவாயில்லை.

தையலுக்கும் இதில் பங்கு உண்டு. 2015-ல் இங்கே நடந்த முதல் பகலிரவு டெஸ்ட்டில் கூக்கபரா பந்துக்குப் பச்சையும் வெள்ளையுமாகத் தையல். விளக்கில் தையல் எந்தப் பக்கம் சுழல்கிறது என்றே தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கறுப்பு நூலுக்கு மாற்றினார்கள்.

மட்டைக்காரன்
சிவப்புப் பந்தை அப்படியே விளக்கில் ஆடினால் என்ன என்று கேட்க வந்தேன். விளக்கில் அது பழுப்பாகத் தெரியும், பிட்ச் நிறத்தோடு கலந்துவிடும், அதனால்தானே? சரி, புரிகிறது. ஆனாலும் பேட்ஸ்மேன்களுக்கு ஒரே அநியாயம்.

வடமராட்சியான்
அநியாயம் எண்டு ஒரேயடியாச் சொல்லேலாது. 2016-ல துபாயில பிங்க் பந்தில அசார் அலி 302 அடிச்சு அவுட்டாகாமல் நிண்டவர். அடுத்த வருஷம் அதே துபாயில எங்கட திமுத் கருணாரத்ன 196. 2022 மார்ச்சில பெங்களூரில நாங்கள் தோத்தது உண்மை, ஆனா அதிலயும் கருணாரத்ன 107 அடிச்சவர். பந்து ஒரே பிங்க்தானே. அப்ப அடிலெய்டில மட்டும் ஏன் எல்லாரும் விழுகினம்?

புதுப்பந்து
நீங்கள்தான் ஐயா சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பதில் புல். 2015-ல் அடிலெய்டு பிட்ச் பராமரிப்பாளர் டேமியன் ஹஃப் பிட்ச்சில் 11 மில்லிமீட்டர் புல் விட்டார். பௌலர்களுக்கு உதவ அல்ல, பிங்க் பந்தின் பூச்சு தரையில் உரிந்து நிறம் போய்விடக் கூடாதே என்று. ஆனால் புல் இருந்தால் தையல் குத்தி நகரத்தான் செய்யும். அந்த ஆட்டம் மூன்றே நாளில் முடிந்தது. பிங்க் பந்துக்குக் கிடைத்த கெட்ட பெயரில் ஒரு பகுதி, அதைக் காப்பாற்ற விட்ட புல்லுக்குப் போக வேண்டியது. துபாயில் அந்தப் புல் ஏது?

கோடம்பாக்கம் ஸ்கோரர்
நான் கிளப் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுபவள், அதனால் ஸ்கோர்கார்டிலிருந்தே பேசுகிறேன். புதுப்பந்து சாரின் புல் வாதத்துக்குச் சரியான மறுபக்கம் 2021 பிப்ரவரி அகமதாபாத். பிங்க் என்றாலே வேகப்பந்து என்று நம்பி இங்கிலாந்து ஆண்டர்சன், பிராட், ஆர்ச்சர், ஸ்டோக்ஸ் என்று நான்கு பேரை இறக்கியது. முழுநேர ஸ்பின்னர் லீச் ஒருவர்தான். பிட்ச்சோ வறண்ட மண். இங்கிலாந்து 112, இந்தியா 145, இங்கிலாந்து 81, பிறகு இந்தியா விக்கெட் இழக்காமல் 49. இரண்டு நாளில் கதை முடிந்தது. விழுந்த 30 விக்கெட்டில் வேகப்பந்துக்குப் போனது வெறும் இரண்டு. பகுதிநேர ஆள் ஜோ ரூட் 8 ரன்னுக்கு 5 எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கார்டில் சுவாரசியம் இதுவல்ல. பந்து அநியாயமாகத் திரும்பியது என்று எல்லோரும் பிட்ச்சைத் திட்டினார்கள். அவுட் ஆன விதத்தைப் பாருங்கள், பாதிக்கு மேல் போல்டும் எல்பிடபிள்யூவும். திரும்பும் என்று மட்டையைக் கொண்டுபோனார்கள், பந்து திரும்பாமல் நேராக வந்தது. இரண்டாவது இன்னிங்ஸ் முதல் பந்திலேயே அக்சர் படேல் க்ராலியை போல்டு ஆக்கினார். புதுப் பந்தை ஸ்பின்னர் கையில் கொடுத்ததுதான் அங்கே தந்திரம். தையலில் குத்தினால் திரும்பும். லாக்கர் பூசிய பளபளப்பான பக்கத்தில் குத்தினால் சறுக்கிக்கொண்டு, சிவப்பைவிட வேகமாக நேரே வரும். எது எப்போது என்று பௌலருக்கே தெரியாது, பேட்ஸ்மேனுக்கு எங்கே தெரியும்? அந்த ஆட்டத்தில்தான் நம்ம அஸ்வினுக்கு 400-வது விக்கெட், ஆர்ச்சர்.

தாம்பரம் சேகர்
அடேயப்பா. அப்போ அதே பூச்சு அடிலெய்டில் ஹேசில்வுட்டுக்கும், அகமதாபாத்தில் அக்சருக்கும் உதவியிருக்கிறது. இதை அப்படியே கேண்டீனில் சொல்லப்போகிறேன். இன்னொரு கேள்வி. நீங்கள் கேப்டன் என்றால் அந்தி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவீர்கள்? முன்கூட்டியே டிக்ளேர் செய்து எதிரணியை விளக்கில் இறக்குவதா?

கடைசி பெஞ்ச்
ஆமா, அதானே மாஸ்டர் பிளான்! 2023-ல மவுன்ட் மாங்கனூயில ஸ்டோக்ஸ் 58.2 ஓவர்ல 325-க்கு 9னு டிக்ளேர் பண்ணி, அன்னிக்கு ராத்திரியே நியூசிலாந்து 37-க்கு 3.

புதுப்பந்து
மறுநாளையும் சேர்த்துச் சொல். பகல் வெளிச்சத்தில் பந்து மென்மையானதும் ப்ளண்டல் 138 அடித்து 306 வரை கொண்டுபோனார். உண்மையான அடி விழுந்தது மூன்றாம் நாள் இரவு. இங்கிலாந்து இரண்டாவது இன்னிங்ஸ் ஆடி முடித்து, பெரிய இலக்கோடு, புதுப் பந்தோடு, விளக்கில் வந்தது. பிராட் நான்கு பேரை போல்டு ஆக்கினார், 63-க்கு 5. நேரம் அப்படித் தானாக அமையும்போது இந்தத் திட்டம் தங்கம்.

வலிந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 அடிலெய்டு. தென்னாப்பிரிக்க கேப்டன் டு பிளெஸ்ஸி தான் 118-ல் ஆடிக்கொண்டிருக்கும்போதே 259-க்கு 9 என்று டிக்ளேர் செய்தார். வார்னர் சிகிச்சைக்காக வெளியே போயிருந்தார், உடனே ஓப்பனிங் இறங்க முடியாது, மேலே விளக்கு. கணக்கு பிரமாதம். ஆனால் வார்னருக்குப் பதில் இறங்கிய கவாஜா அன்றிரவு விக்கெட்டே கொடுக்கவில்லை, ஸ்டம்ப்ஸில் 14-க்கு 0. பிறகு அவர் 145 அடித்தார், ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டில் வென்றது. இருந்த கடைசி ஜோடியை இன்னும் கொஞ்சம் ஆடவிட்டு 30 ரன் சேர்த்திருக்கலாம்.

என்னைக் கேட்டால் டிக்ளேரைவிட முக்கியம் 80-வது ஓவர் எப்போது வருகிறது என்ற கணக்கு. முழு நாள் ஆட்டமென்றால் அது விளக்கு நேரத்தில்தான் வரும். அதற்கு முந்தைய பத்து ஓவரில் செட் ஆன பேட்ஸ்மேன் விக்கெட்டைக் காப்பாற்றினால் போதும். கோலி ரன் அவுட் ஆனது அந்தக் கணக்கில் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பாருங்கள்.

வடமராட்சியான்
ஊருக்கு ஊர் அந்திநேரமும் மாறுமெல்லோ. அடிலெய்டில கடைசி செஷன். கொல்கத்தாவில நவம்பர் மாசம் அஞ்சு மணிக்கு முன்னமே இருட்டிப்போடும், அப்ப ரெண்டாவது செஷனிலயே விளக்கு. ஒரே திட்டத்தை எல்லா இடத்துக்கும் காவிக்கொண்டு போகேலாது.

கோடம்பாக்கம் ஸ்கோரர்
கொல்கத்தா பற்றி ஒரு கொசுறு. அங்கே பங்களாதேஷ் முதல் இன்னிங்ஸில் 106, உணவு இடைவேளைக்கே 73-க்கு 6. அதுவும் நல்ல பகலில். 2018 ஆக்லாந்தில் இங்கிலாந்து 58-க்குச் சுருண்டதும் முதல் நாள் பகலில்தான். கேண்டீன் நண்பருக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

கடைசி பெஞ்ச்
மேடம், பகல்ல சுருண்ட லிஸ்ட் குடுத்தா ராத்திரி ஸ்விங் ஆகலைன்னு ஆயிடுமா? ரெண்டும் வேற வேற. ஒரே பிட்ச், ஒரே வயசுப் பந்து, அதே பௌலர், பகல்ல ஒரு ஸ்பெல், ராத்திரி ஒரு ஸ்பெல். எத்தனை டிகிரி வளைஞ்சுதுன்னு அளந்து காட்டட்டும், அப்போ நான் வாயை மூடிக்கிறேன்.

புதுப்பந்து
அதைத்தான் தம்பி நானும் கேட்கிறேன். ஒரே பந்து பகலிலும் இரவிலும் ஒரே வயதில் இருக்க முடியாதே, அங்கேதான் சிக்கல்.

தாம்பரம் சேகர்
திங்கட்கிழமை கேண்டீன் ரிசல்ட்டை இங்கே போடுகிறேன். அதுவரை அடித்துக்கொள்ளாமல் இருங்கள். நிறக்குழப்பன், மஞ்சள் கண்ணாடி போட்டு ஆடிப் பார்த்தீர்களா? என் மைத்துனனும் உங்களை மாதிரிதான், அவனுக்காகக் கேட்கிறேன்.

நிறக்குழப்பன்
போட்டுப் பார்த்தேன் சேகர். பகலில் கொஞ்சம் தேவலை. விளக்கில் போட்டால் எல்லாமே மங்கல், கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிட்டேன். மைத்துனரை ஸ்லிப்பில் நிற்கச் சொல்லுங்கள், உயரமான கேட்ச் அந்தப் பக்கம் அதிகம் வராது.